ஐயாயிரம் ரிங்கிட் ஐம்பதாயிரம் ஆகும் கணக்கு: வங்கித் தேர்வுக்கு முதல்முறை உட்காருபவர்களுக்கு

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை மாலை நாலைந்து பேர் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் வங்கியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், அல்லது சேரப் போகிறவர்கள். நான் பல வருடம் வங்கியில் வேலை பார்த்தவள் என்பதால் பாடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பண அளிப்பு, வைப்பில் வங்கி ஒதுக்கிவைத்தே ஆக வேண்டிய பங்கான கட்டாய இருப்பு விகிதம், மத்திய வங்கியின் கருவிகள் என்று ஒரு பகுதி உண்டு. இவர்கள் அதிகம் மதிப்பெண் விடுவது அங்கேதான். கணக்குத் தெரியாததால் இல்லை. பெருக்கல் எல்லோருக்கும் வருகிறது. எதை எதால் பெருக்குவது என்பதில்தான் தவறுகிறார்கள்.

"அக்கா, போட்ட பணத்தை இருப்பு விகிதத்தால் வகுத்தால் விடை வந்துவிடும்தானே?" என்று ஒரு தம்பி போன மாதம் கேட்டான். வரும், ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை என்று பார்க்க வேண்டும். அந்த ஒரே எண் மூன்று வெவ்வேறு கேள்விகளில் ஒன்றுக்குச் சரி, மற்ற இரண்டுக்குத் தவறு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில்: எந்த நாட்டுப் பாடம் படிக்கிறீர்கள்?

தமிழில் வங்கித் தேர்வு என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி இந்தியத் தேர்வுகளுக்கான பாடம். நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் வரும் பெயர்கள் ரிசர்வ் வங்கியின் பெயர்கள். அங்கே ரொக்க இருப்பு விகிதத்தைச் சிஆர்ஆர் என்பார்கள். அதோடு எஸ்எல்ஆர் என்று இன்னொரு விகிதம் உண்டு. கொள்கை வட்டி ரெப்போ விகிதம்.

நம் ஊரில் மத்திய வங்கி பேங்க் நெகாரா மலேசியா, 1959 ஜனவரி 26 முதல் இயங்குகிறது. இங்கே கட்டாய இருப்புக்குப் பெயர் எஸ்ஆர்ஆர். மலாய் வினாத்தாளில் கெபெர்லுவான் ரிசாப் பெர்கானுன் என்று வரும். கொள்கை வட்டி ஓபிஆர், மலாயில் காடார் டாசார் செமாலாமான். ரெப்போ என்ற சொல் இங்கேயும் உண்டு, ஆனால் அது பேங்க் நெகாரா வங்கிகளிடையே பணப்புழக்கத்தைச் சரிசெய்யப் பயன்படுத்தும் பல வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். மலேசிய வினாத்தாளில் "பேங்க் நெகாரா ரெப்போ விகிதத்தை உயர்த்தும்" என்று எழுதினால், நீங்கள் எந்தக் காணொளி பார்த்துப் படித்தீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

பண அளிப்பின் வகைகளிலும் இதே சிக்கல் உண்டு. இந்தியப் பாடத்தில் எம்2 என்றால் எம்1 உடன் அஞ்சலகச் சேமிப்பு. எம்3 என்றால் எம்1 உடன் வங்கிகளின் கால வைப்பு. மலேசியாவில் எம்1 என்பது மக்கள் கையில் உள்ள நோட்டும் நாணயமும், அதோடு நடப்புக் கணக்கு வைப்பு. அதில் சேமிப்புக் கணக்கு, பிக்ஸட் டெபாசிட், வெளிநாட்டு நாணய வைப்பு போன்றவற்றைச் சேர்த்தால் எம்2. மற்ற வங்கி நிறுவனங்களில் உள்ள வைப்பையும் சேர்த்தால் எம்3.

இதிலிருந்து ஒரு வழக்கமான கேள்வி வரும். ஒருவர் நடப்புக் கணக்கிலிருந்து 10,000 ரிங்கிட்டை பிக்ஸட் டெபாசிட்டுக்கு மாற்றுகிறார், என்ன ஆகும்? எம்1 குறையும், எம்2 மாறாது. பணம் எம்2 என்ற பெரிய கூடைக்குள்ளேயே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து பிக்ஸட் டெபாசிட்டுக்குப் போனால் எம்1 கூட மாறாது, ஏனென்றால் சேமிப்புக் கணக்கு அதில் முதலிலிருந்தே இல்லை. இன்னொன்று, வங்கியின் பெட்டகத்திலும் ஏடிஎம் இயந்திரத்துக்குள்ளும் இருக்கும் நோட்டு எம்1 இல் சேராது. மக்கள் கைக்கு வந்தால்தான் அது புழக்கத்தில் உள்ள பணம். இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள், அடுத்த பகுதி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். கட்டாய இருப்பு விகிதம் 10%. வங்கிகள் உபரி இருப்பு எதுவும் வைத்துக்கொள்வதில்லை, கடன் வாங்கியவர்கள் ரொக்கமாக எதையும் கையில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பெண்மணி வீட்டு அலமாரியில் வைத்திருந்த 5,000 ரிங்கிட் ரொக்கத்தை நடப்புக் கணக்கில் போடுகிறார். பண அளிப்பு அதிகபட்சம் எவ்வளவு கூடும்?

வந்த பணம் அதிகபட்சம் எத்தனை மடங்கு வைப்பாகும் என்று சொல்லும் எண்ணுக்குப் பெருக்கி என்று பெயர், இங்கே அது 1 ÷ 0.10 = 10. ஐயாயிரத்தைப் பத்தால் பெருக்கினால் 50,000. எங்கள் முன்கூடத்தில் முதல்முறை இந்தக் கேள்வி கொடுத்தபோது எல்லோரும் இதைத்தான் எழுதினார்கள். விடை 45,000.

ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம். பணம் வங்கிக்குள் வந்தவுடன் 500 ரிங்கிட்டைக் கட்டாய இருப்பாக ஒதுக்கிவிட்டு 4,500 கடன் கொடுக்கலாம். அந்தக் கடனை வாங்கியவர் ஒரு தையல் கடைக்காரர் என்று வையுங்கள். அவர் மஸ்ஜித் இந்தியா சாலையில் ஒரு கடையில் தையல் இயந்திரம் வாங்குகிறார். கடைக்காரர் அந்த 4,500 ஐத் தன் வங்கியில் போடுகிறார். அந்த வங்கி 450 ஒதுக்கி 4,050 கடன் கொடுக்கும். அடுத்த வங்கியில் 4,050 வைப்பு, 405 ஒதுக்கீடு, 3,645 கடன். இப்படியே சுற்றுச் சுற்றாகச் சிறுத்துக்கொண்டே போகும். வைப்புகளை எல்லாம் கூட்டினால் 5,000 + 4,500 + 4,050 + … என்று போய் 50,000 இல் நிற்கும். ஆக மொத்த வைப்பு 50,000 கூடியது உண்மை.

ஆனால் கேட்டது வைப்பு இல்லை, பண அளிப்பு. பண அளிப்பில் மக்கள் கையிலுள்ள ரொக்கமும் உண்டு. அந்தப் பெண்மணியின் கையில் இருந்த 5,000 நேற்றுவரை எம்1 இல் இருந்தது. இன்று அது வங்கிக்குள் போய் இருப்பாகிவிட்டது. ரொக்கம் 5,000 குறைந்தது, வைப்பு 50,000 கூடியது. நிகரக் கூடுதல் 45,000. இது வங்கிகள் கொடுத்த மொத்தக் கடனுக்குச் சமம் என்பதையும் கவனியுங்கள். இங்கே புதுப் பணத்தை உண்டாக்கியது கடன்தான், வைப்பு அல்ல.

இப்போது அதே 5,000 ஐ வேறு வழியில் உள்ளே கொண்டுவருவோம். பேங்க் நெகாரா ஒரு வங்கியிடமிருந்து 5,000 ரிங்கிட் மதிப்புள்ள அரசாங்கக் கடன் பத்திரத்தை வாங்குகிறது. (உண்மையில் இந்த எண்ணுக்குப் பின்னால் இன்னும் பல சுழியம் இருக்கும், தேர்வுக்காகச் சின்னதாக வைக்கிறோம்.) பத்திரம் போய் அந்த இடத்தில் இருப்பு வருகிறது. யாருடைய கணக்கிலும் புது வைப்பு வரவில்லை. வைப்பு கூடாததால் கட்டாய இருப்பும் கூடவில்லை. எனவே 500 ஒதுக்கத் தேவையில்லை, முழு 5,000 உம் உபரி, முழுதும் கடன் கொடுக்கலாம். முதல் சுற்றிலேயே 5,000 கடன், அடுத்தது 4,500, அப்புறம் 4,050. மொத்தக் கடன் 50,000, மொத்தப் புது வைப்பு 50,000, பண அளிப்புக் கூடுதல் 50,000. இங்கே கழிப்பதற்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் யார் கையிலிருந்தும் ரொக்கம் போகவில்லை.

மூன்றாவது வழி, பேங்க் நெகாரா அந்தப் பத்திரத்தைப் பொதுமக்களில் ஒருவரிடமிருந்து வாங்குகிறது, அவர் கிடைத்த பணத்தைத் தன் கணக்கில் போடுகிறார். அவர் கையில் இதற்கு முன் இருந்தது பத்திரம், அது எந்த எம் வகையிலும் இல்லை. எனவே அவர் கணக்கில் வந்த 5,000 உம் புதுப் பணம்தான். ஆனால் அது வைப்பு என்பதால் வங்கி 500 ஒதுக்க வேண்டும், கடன் 4,500 இல் தொடங்கும். மொத்தக் கடன் 45,000. பண அளிப்புக் கூடுதலோ 50,000, முதல் வைப்பையும் சேர்த்து.

மூன்று வழியிலும் மொத்த வைப்பு 50,000 தான் கூடுகிறது. மாறுவது மற்ற இரண்டும். ரொக்கம் உள்ளே வந்தால் கடன் 45,000, பண அளிப்பு 45,000. வங்கியிடமிருந்து பத்திரம் வாங்கினால் இரண்டுமே 50,000. மக்களிடமிருந்து வாங்கினால் கடன் 45,000, பண அளிப்பு 50,000. நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் 4,500, 45,000, 50,000, 55,000 என்று கொடுத்திருப்பார்கள். சரியான விடை தவிர மற்ற ஒவ்வொன்றும் ஒருவகைத் தவறுக்காக வைத்த பொறி. 4,500 முதல் வங்கியோடு நின்றுவிடுபவருக்கு. 55,000 மொத்த வைப்போடு முதல் பணத்தை மறுபடி கூட்டுபவருக்கு. எனவே கேள்வியைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் அடிக்கோடு போடுங்கள். பணம் எங்கிருந்து வந்தது, கேட்பது வைப்பா, கடனா, பண அளிப்பா. அதற்கு அப்புறம் பேனாவை எடுங்கள்.

"ஒரு வங்கி" என்ற சொல்லையும் பாருங்கள். "அந்த வங்கி உடனடியாக எவ்வளவு கடன் கொடுக்கலாம்" என்றால் பெருக்கிக்கு வேலையே இல்லை, 4,500 தான். தனி ஒரு வங்கி தன் உபரியைவிட அதிகம் கடன் கொடுத்தால், அந்தக் கடன் செலவழிந்து வேறு வங்கிக்குப் போகும்போது இருப்பில் துண்டு விழும். பத்து மடங்கு என்பது வங்கித்துறை முழுவதற்கும்தான்.

விடை சரியா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, அரை நிமிடம் போதும். எல்லாச் சுற்றுகளிலும் ஒதுக்கிய இருப்பைக் கூட்டினால் வங்கிகளுக்குள் புதிதாக வந்த இருப்பு வர வேண்டும். முதல் வழியில் 500 + 450 + 405 + … = 5,000. இரண்டாவது, கடனும் இருப்பும் சேர்ந்து வைப்புக்குச் சமமாக வேண்டும். 45,000 + 5,000 = 50,000. வங்கியிடமிருந்து பத்திரம் வாங்கிய கணக்கில் மட்டும் இந்தச் சமன்பாட்டில் பத்திரத்தையும் சேர்க்க வேண்டும். கடன் 50,000 கூடியது, இருப்பு 5,000 கூடியது, பத்திரம் 5,000 குறைந்தது. 50,000 + 5,000 − 5,000 = 50,000. பொருந்தவில்லை என்றால் எங்கோ முதல் சுற்றில் தவறியிருக்கிறீர்கள்.

விகிதம் மாறும் கேள்வி

இது இன்னும் எளிது, ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. வங்கித்துறையின் மொத்த வைப்பு 200 மில்லியன் ரிங்கிட், உபரி இருப்பு இல்லை. இருப்பு விகிதம் 4% இலிருந்து 2% ஆகக் குறைகிறது. வைப்பு அதிகபட்சம் எவ்வளவு கூடும்?

முன்பு தேவைப்பட்ட இருப்பு 8 மில்லியன், இப்போது 4 மில்லியன் போதும். 4 மில்லியன் விடுபட்டது. இதை எந்தப் பெருக்கியால் பெருக்குவது? பழைய விகிதத்தின் பெருக்கி 25, புதியது 50. பழையதைப் பயன்படுத்தி 100 மில்லியன் என்று எழுதுபவர்கள் நிறைய. விடுபட்ட பணம் இனிமேல்தான் சுற்றப் போகிறது, அது சுற்றும்போது நடப்பில் இருப்பது புதிய விகிதம். எனவே 4 × 50 = 200 மில்லியன். சந்தேகம் இருந்தால் வேறு பக்கமிருந்து பாருங்கள். வங்கிகளிடம் உள்ள மொத்த இருப்பு இன்னும் அதே 8 மில்லியன்தான். 2% விகிதத்தில் 8 மில்லியன் எவ்வளவு வைப்பைத் தாங்கும்? 400 மில்லியன். முன்பு 200, இப்போது 400, கூடுதல் 200.

மக்கள் ஒரு பகுதியை ரொக்கமாக வைத்துக்கொள்வார்கள் என்று கேள்வியில் சொல்லியிருந்தால் பெருக்கி மாறிவிடும். ரொக்கம் வைப்பில் 20% என்றும் இருப்பு 10% என்றும் வையுங்கள். பெருக்கி (1 + 0.20) ÷ (0.20 + 0.10) = 4. பத்து எங்கே, நாலு எங்கே. கையில் போன நோட்டு வங்கிக்குத் திரும்பி வந்து சுற்றுவதில்லை, அதனால் இப்படிச் சுருங்குகிறது. இந்தச் சூத்திரத்தைப் பெருக்குவது மத்திய வங்கி புதிதாக விட்ட பணத்தோடுதான். அலமாரியிலிருந்து வந்த ரொக்கத்தோடு அல்ல.

உண்மையான எஸ்ஆர்ஆர் எப்படி நடக்கிறது

பாடப்புத்தகத்து 10% ஐ விட்டு நிஜத்துக்கு வருவோம். 1998 பிப்ரவரியில், ஆசிய நிதி நெருக்கடியின்போது, பேங்க் நெகாரா எஸ்ஆர்ஆரை 13.5% இலிருந்து 10% ஆக்கியது. அதே ஆண்டு செப்டம்பருக்குள் அது 4% ஆகிவிட்டது. பெருக்கிக் கணக்குப்படி பார்த்தால் பெருக்கி 7.4 இலிருந்து 25 ஆகியிருக்க வேண்டும், கடன் வெள்ளம் ஓடியிருக்க வேண்டும். நடந்ததோ, அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 7.4% சுருங்கியது. (இரண்டும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல்.) வங்கிகள் வாராக்கடனைப் பார்த்துப் பயந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தன, தொழில் செய்பவர்களும் கடன் கேட்கவில்லை. பெருக்கி சொல்வது மேல் எல்லையை மட்டும்தான். கடன் கேட்க ஆள் வேண்டும், கொடுக்க வங்கிக்கு மூலதனமும் துணிச்சலும் வேண்டும். விரிவான விடை கேட்கும் கேள்வியில் "பெருக்கியின் வரம்புகள்" என்று வந்தால் இந்த 1998 ஐ எழுதுங்கள், பொத்தாம் பொதுவாக மூன்று காரணம் அடுக்குவதைவிட இது எடுபடும்.

கடைசியாக 2025 மே 16 முதல் எஸ்ஆர்ஆர் 2% இலிருந்து 1% ஆனது. இதனால் வங்கித்துறைக்கு ஏறக்குறைய 19 பில்லியன் ரிங்கிட் விடுபடும் என்று பேங்க் நெகாரா அறிவித்தது. ஒரு சதவீதப் புள்ளிக்கு 19 பில்லியன் என்றால், விகிதம் கணக்கிடப்படும் அடிப்படைத் தொகை சுமார் 1,900 பில்லியன் என்று தலைகீழாகக் கண்டுபிடிக்கலாம். இப்படிக் கேட்கவும் வாய்ப்பு உண்டு. இதற்கு 100 என்ற பெருக்கியைப் போட்டு 1,900 பில்லியன் புது வைப்பு வரும் என்று யாராவது எழுதினால், அது நாட்டின் வைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று சொல்வது மாதிரி. எங்கள் முன்கூடத்தில் ஒரு பெண் அப்படித்தான் எழுதினாள், எழுதிவிட்டு அவளே சிரித்தாள்.

அந்த அடிப்படைத் தொகைக்குத் தகுதியுள்ள பொறுப்புகள் என்று பெயர். எளிதாகச் சொன்னால், ரிங்கிட்டில் வங்கி மற்றவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியவை, வங்கிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கியவற்றைக் கழித்து. இருப்பைப் பேங்க் நெகாராவில் உள்ள தனிக் கணக்கில் வைக்க வேண்டும், அதற்கு வட்டி கிடையாது. வட்டி இல்லாத பணம் என்பதால்தான் எஸ்ஆர்ஆர் உயர்ந்தால் வங்கிக்குச் செலவு கூடுகிறது.

புதிதாக வருபவர்கள் நினைப்பது போலத் தினமும் சரியாக 1% இருக்க வேண்டும் என்பதில்லை. அரை மாதத்துக்கு, அதாவது 1 முதல் 15 வரையும் 16 முதல் மாதக் கடைசி வரையும், சராசரி 1% வந்தால் போதும். ஆனால் எந்த நாளிலும் விகிதத்திலிருந்து 20% க்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. இதை ஒரு வங்கியின் கணக்கில் பார்ப்போம். தகுதியுள்ள பொறுப்பு 1,000 மில்லியன் ரிங்கிட் என்றால் சராசரி இருப்பு 10 மில்லியன், ஒவ்வொரு நாளும் 8 க்கும் 12 க்கும் நடுவில். பதினைந்து நாளுக்குக் கூட்டினால் 150 வர வேண்டும்.

கருவூலப் பிரிவில் இருப்பவர் முதல் ஏழு நாள் 8 மில்லியன் மட்டும் வைத்துவிட்டு மிச்சப் பணத்தை வட்டிக்கு விட்டார் என்று வையுங்கள். ஏழு நாளில் 56. பாக்கி 94 ஐ எட்டு நாளில் ஈடுகட்ட வேண்டும், நாளுக்கு 11.75 மில்லியன். மேல் எல்லை 12 க்குள் இருக்கிறது, தப்பித்தார். எட்டாவது நாளும் அதே 8 ஐ வைத்திருந்தால்? எட்டு நாளில் 64, பாக்கி 86, ஏழு நாளில் நாளுக்கு 12.29. எல்லையைத் தாண்டிவிட்டது. இனி என்ன செய்தாலும் அந்த அரை மாதச் சராசரியைப் பிடிக்க முடியாது. ஒரே ஒரு நாள் வித்தியாசம். வங்கியில் இந்தக் கணக்கைப் பார்ப்பவர் ஏழாம் எட்டாம் தேதிகளில் ஏன் பரபரப்பாக இருக்கிறார் என்பது எனக்கே வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது.

எஸ்ஆர்ஆர் குறைந்தால் கொள்கை தளர்ந்ததா?

விளக்க விடைகளில் நான் பார்க்கும் பெரிய தவறு இது. "பேங்க் நெகாரா எஸ்ஆர்ஆரைக் குறைத்துத் தளர்வான நாணயக் கொள்கையைக் கடைப்பிடித்தது" என்று எழுதுகிறார்கள். பாடப்புத்தகத்தின் பொதுப் பாடம் அப்படித்தான் சொல்லும், கேள்வி பொதுவாக இருந்தால் அந்த விடை செல்லும். ஆனால் மலேசியாவைப் பெயர் சொல்லிக் கேட்டால் கவனம் தேவை. எஸ்ஆர்ஆர் பணப்புழக்கத்தை நிர்வகிக்கும் கருவி, கொள்கை நிலைப்பாட்டைக் காட்டும் ஒரே அடையாளம் ஓபிஆர் என்று பேங்க் நெகாரா ஒவ்வொரு முறையும் சொல்லிவருகிறது.

2025 ஐயே பாருங்கள். மே மாதம் எஸ்ஆர்ஆர் பாதியானது. அந்த நேரத்தில் ஓபிஆர் 3.00% இலேயே நின்றது. இரண்டு மாதம் கழித்து ஜூலை 9 அன்றுதான் அது 2.75% ஆனது, 2020 ஜூலைக்கு அப்புறம் முதல் குறைப்பு. கொள்கை எப்போது தளர்ந்தது என்று கேட்டால் விடை ஜூலை. 2011 இல் இதன் மறுபக்கம் நடந்தது. ஏப்ரல், மே, ஜூலை மாதங்களில் எஸ்ஆர்ஆர் 1% இலிருந்து படிப்படியாக 4% ஆனது. ஓபிஆரோ மே மாதத்தில் ஒரே ஒரு முறை, 2.75% இலிருந்து 3.00% க்கு ஏறியது. வங்கிகளில் தேங்கியிருந்த அதிகப்படிப் பணத்தை எஸ்ஆர்ஆர் உறிஞ்சியது, கடன் வாங்குவோரின் வட்டியை ஓபிஆர் நகர்த்தியது.

இரண்டும் எப்படித் தனித்தனியாக இயங்க முடியும் என்பதுதான் இதில் சுவையான இடம். எஸ்ஆர்ஆர் குறைந்து வங்கிகளிடம் பணம் அதிகமானால், அவை ஒன்றுக்கொன்று ஒரு இரவுக்குக் கடன் கொடுக்கும் வட்டி சரியப் பார்க்கும். பேங்க் நெகாரா அதை விடாது. வங்கிகளிடமிருந்து தானே கடன் வாங்கியும், ரெப்போ வழியாகவும், தன் பத்திரங்களை விற்றும் மிச்சத்தை உறிஞ்சி, அந்த ஒரு இரவு வட்டியை ஓபிஆருக்கு அருகில் பிடித்துவைக்கும். அப்படியும் மீறினால் ஓபிஆருக்கு இருபுறமும் 0.25 சதவீதப் புள்ளி இடைவெளியில் தரையும் கூரையும் இருக்கின்றன. ஓபிஆர் 2.75% என்றால், மிச்சப் பணத்தை 2.50% க்குப் பேங்க் நெகாராவில் வைக்கலாம், பற்றாக்குறை வந்தால் 3.00% க்கு அங்கே கடன் வாங்கலாம். பேங்க் நெகாராவே 2.50% தரும்போது எந்த வங்கியும் இன்னொரு வங்கிக்கு அதைவிடக் குறைத்துக் கொடுக்காது. அங்கே 3.00% க்குக் கிடைக்கும்போது அதைவிட அதிகம் கொடுத்து வெளியே வாங்காது.

கூரை எது, தரை எது என்று குழம்பினால் வங்கியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். மத்திய வங்கி உங்களுக்குக் கடன் தரும் வட்டி கூரை, உங்கள் பணத்துக்கு அது தரும் வட்டி தரை. இடைவெளியையும் பாருங்கள், அது 0.25 புள்ளி, 25 புள்ளி அல்ல. அடிப்படைப் புள்ளி என்பது சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு. 25 அடிப்படைப் புள்ளி என்று கேள்வியில் இருப்பதை அப்படியே 25% என்று கூட்டி, ஓபிஆரை 27.75% க்கு ஏற்றிவிட்ட விடைத்தாள் ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன்.